டிஷ் வயர் பாக்ஸில் பொருந்துகிறது, ஆனால் படம் வரவில்லை: போட்டோவில் எதைப் பார்க்க வேண்டும்

கேள்வி: புதிதாகக் குடிவந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு டிஷ் இருக்கிறது. பரணில் ஒரு செட்டாப் பாக்ஸும் கிடைத்தது. அதன் முகப்பில் இருந்த பெயர் அழிந்துவிட்டது. டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரை பாக்ஸின் பின்னால் திருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் டிவியில் "No Signal" என்றுதான் வருகிறது. பாக்ஸின் முன்பக்கம், பின்பக்கம், டிவி திரை, டிஷ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இது எந்த கனெக்‌ஷனுக்கான பாக்ஸ்? இந்த டிஷ் இதற்கு ஆகுமா?

பதில்:

ஆகாது. உங்களிடம் இருப்பது கேபிள் டிவி பாக்ஸ். மாடியில் இருப்பது சாட்டிலைட் டிஷ். இரண்டும் வெவ்வேறு கனெக்‌ஷனுக்கான சாமான்கள், எந்த செட்டிங்கை மாற்றினாலும் ஒன்றோடொன்று பேசாது. பாக்ஸ் கெட்டுப்போனதாகவோ டிஷ் திரும்பிவிட்டதாகவோ இப்போதே முடிவுகட்ட வேண்டாம். இரண்டுமே நன்றாக இருக்கலாம், ஜோடிதான் தவறு. நீங்கள் எடுத்த போட்டோக்களில் இருந்தே இதை எப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன். அடுத்த முறை வேறு ஒரு பாக்ஸ் கைக்கு வந்தால் நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம்.

முதலில் உங்களை ஏமாற்றிய அந்தத் திருகு. வயர் முனையில் இருக்கும் அந்த அறுகோண உலோகத் தலைக்கு எஃப் கனெக்டர் என்று பெயர். நடுவில் ஊசி போலச் செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றிலும் மரை இருக்கும். சாட்டிலைட் பாக்ஸிலும் இதுதான், பெரும்பாலான கேபிள் பாக்ஸ்களிலும் இதுதான். வயரும் ஒரே வகை, 75 ஓம் கோ-ஆக்ஸ். ஆகவே மரை பொருந்துவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த ஒரே மாதிரி வயருக்குள் ஓடுவது என்ன என்பதில்தான் வித்தியாசம்.

கேபிள் வயரில் தெருவிலிருந்து வரும் சிக்னல் சுமார் 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இருக்கும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரில் இருப்பது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். கேபிள் பாக்ஸின் ட்யூனர் 862-ஐ ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ நின்றுவிடும், 950-க்கு மேல் டிஷ் அனுப்புவதைத் தேடும்படி அது செய்யப்படவில்லை. அது போதாதென்று இன்னொரு விஷயமும் இருக்கிறது. டிஷ்ஷின் கை நுனியில் இருக்கும் எல்என்பி என்ற உறுப்பு வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை அதே வயர் வழியாக மேலே அனுப்புவது சாட்டிலைட் பாக்ஸ்தான். கேபிள் பாக்ஸ் அப்படி எதையும் அனுப்பாது. ஆக, உங்கள் டிஷ்ஷின் எல்என்பி இப்போது உயிரே இல்லாமல் கிடக்கிறது, பாக்ஸோ வராத சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சரி, போட்டோவுக்கு வருவோம்.

பாக்ஸின் முன்பக்கப் போட்டோவை நான் பெரும்பாலும் கடைசியாகத்தான் பார்ப்பேன். நான்கு எண் காட்டும் சின்ன டிஸ்ப்ளே, ரிமோட்டுக்கான கறுப்புக் கண்ணாடி, ஓரிரண்டு பொத்தான். எல்லா வகை பாக்ஸும் முன்னாலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். பெயர் அழியாமல் இருந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் ஒரே தயாரிப்பாளர் ஒரே உறையில் கேபிள் பாக்ஸும் செய்வார், சாட்டிலைட் பாக்ஸும் செய்வார். உள்ளே இருக்கும் ட்யூனர்தான் வேறு.

பின்பக்கம்தான் பேசும். உங்கள் போட்டோவில் இடது ஓரமாக இரண்டு மரை வைத்த துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மேலே அச்சிட்ட எழுத்து தேய்ந்திருந்தாலும் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றில் "RF IN" என்றும் மற்றதில் "RF OUT" என்றும் படிக்க முடிகிறது. சாட்டிலைட் பாக்ஸாக இருந்தால் அந்த இடத்தில் "LNB IN" என்றோ "SAT IN" என்றோ இருக்கும். பெரும்பாலும் அதன் அடியிலேயே "13/18V" என்றும், "400mA" அல்லது "500mA" போன்ற ஓர் அளவும் சின்ன எழுத்தில் இருக்கும். அது எல்என்பிக்கு அந்தத் துளை தரும் மின்சாரம். இந்த வோல்ட் எழுத்து இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, அது சாட்டிலைட் பாக்ஸ். "CABLE IN" என்று இருந்தால் கேபிள் பாக்ஸ். "ANT IN" என்று இருந்தால் மீன்முள் மாதிரி இருக்கும் ஆன்டெனாவில் இருந்து தரைவழி ஒளிபரப்பைப் பிடிக்கும் பாக்ஸ். அதில் பெரும்பாலும் மரையே இருக்காது, தள்ளிச் செருகும் வழவழப்பான துளைதான் இருக்கும்.

ஆனால் "RF IN" என்ற சொல் மட்டும் கொஞ்சம் வழுக்கும். கேபிள் பாக்ஸிலும் போடுவார்கள், தரைவழி பாக்ஸிலும் போடுவார்கள். "LOOP OUT" என்பதும் அப்படித்தான். சாட்டிலைட் பாக்ஸில் அது வேறொரு சாட்டிலைட் பாக்ஸுக்கு சிக்னலைக் கடத்தும், கேபிள் பாக்ஸில் வேறொரு கேபிள் பாக்ஸுக்கோ டிவிக்கோ கடத்தும். எனவே "RF IN" என்று மட்டும் தெரியும் போட்டோவை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி நீங்கள் மூன்றாவதாக எடுத்த டிவி திரைப் போட்டோவில் இருக்கிறது. "No Signal" என்ற பெரிய எழுத்தை மட்டும் காட்டத்தான் எடுத்திருப்பீர்கள். அதன் கீழே மூலையில் இப்படி மூன்று வரி இருக்கிறது பாருங்கள்:

```
Frequency    306 MHz
Symbol Rate  6875
QAM          64
```

இந்த மூன்று வரி போதும். 306 என்பது மூன்று இலக்க மெகாஹெர்ட்ஸ், கேபிளின் எல்லைக்குள் இருக்கிறது. QAM என்பது சிக்னலில் தகவலை ஏற்றும் ஒரு முறை, சிம்பல் ரேட் என்பது அதன் வேகம். இந்த இரண்டும் சேர்ந்து கேட்கப்பட்டால் அது டிஜிட்டல் கேபிள். 6875, 6900 போன்ற எண்கள் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள கேபிள் சேனல்களில் வழக்கமாக வருபவை. இதே இடத்தில் சாட்டிலைட் பாக்ஸ் இருந்திருந்தால் ஃப்ரீக்வென்சி நான்கு அல்லது ஐந்து இலக்கமாக இருந்திருக்கும். பக்கத்தில் V அல்லது H என்று ஒரு போலரைசேஷன் எழுத்தும் இருக்கும், சிம்பல் ரேட் பெரும்பாலும் ஐந்து இலக்கமாக வரும். இப்படி:

```
Frequency    11090 MHz
Symbol Rate  29500
Polarity     V
```

தரைவழி பாக்ஸாக இருந்தால் சிம்பல் ரேட் என்ற வரியே இருக்காது. சேனல் எண்ணும், 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் என்று பேண்ட்விட்த்தும் கேட்கும். எழுத்தெல்லாம் அழிந்த பாக்ஸுக்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை. ரிமோட் இருந்தால் மெனுவில் மேனுவல் ஸ்கேன் என்ற பக்கத்தைத் திறந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும், பாக்ஸ் தானே தன்னைப் பற்றிச் சொல்லிவிடும். ரிமோட் இல்லாமல், உங்களுக்கு வந்தது போல இந்த வரிகள் தானாகத் திரையில் வந்தால் அது அதிர்ஷ்டம்.

பாக்ஸைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். அதில் "DVB-C" என்று இருந்தால் கேபிள், "DVB-S" அல்லது "DVB-S2" என்றால் சாட்டிலைட், "DVB-T" அல்லது "DVB-T2" என்றால் தரைவழி. கடைசி எழுத்துதான் வகையைச் சொல்வது. சில பாக்ஸில் இரண்டு வகையும் சேர்ந்து இருக்கும், அப்போது பின்னால் இரண்டு தனித்தனி உள்வரும் துளைகள் இருக்கும். கோ-ஆக்ஸ் துளையே இல்லாமல் இன்டர்நெட் வயருக்கான சதுரத் துளையும் HDMI-யும் மட்டும் இருந்தால், அந்த பாக்ஸுக்கு டிஷ்ஷும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். அது இன்டர்நெட் வழியாக டிவி காட்டுவது.

ஒரு வேண்டுகோள். ஸ்டிக்கர் போட்டோவை யாருக்கு அனுப்பினாலும் சீரியல் நம்பரையும் ஸ்மார்ட் கார்டு எண்ணையும் விரலால் மறைத்துவிட்டு எடுங்கள். வகையைக் கண்டுபிடிக்க அந்த எண்கள் தேவையே இல்லை. ஆனால் அவை ஒருவருடைய சந்தாக் கணக்கோடு ஒட்டியவை.

போட்டோவில் தெளிவு கிடைக்காதபோது மல்டிமீட்டர் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடும். டிஷ் வயரைக் கழற்றிவிட்டு, பாக்ஸை ஆன் செய்யுங்கள். ஸ்டாண்ட்பையில் வைக்கக் கூடாது, அந்த நிலையில் பல பாக்ஸ்கள் எல்என்பிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை மரைத்துளையின் நடுவில் இருக்கும் சின்னக் குழியிலும் கறுப்பு முனையை வெளி மரையிலும் தொடுங்கள். 13-ஐ ஒட்டியோ 18-ஐ ஒட்டியோ காட்டினால் சாட்டிலைட் பாக்ஸ். சேனல் மாற்றும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவதையும் பார்க்கலாம். குத்துநிலை அலைக்கு 13, கிடைநிலை அலைக்கு 18 என்று எல்என்பிக்கு அந்த பாக்ஸ் தரும் கட்டளை அது. உங்கள் கேபிள் பாக்ஸில் பூஜ்யம் காட்டும். தரைவழி பாக்ஸ் சிலவற்றில் ஆன்டெனா பூஸ்டருக்காக 5 வோல்ட் வரும். செய்யும்போது மீட்டர் முனை நடுக்குழியையும் மரையையும் ஒருசேரத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாட்டிலைட் பாக்ஸ் என்றால் அது ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம் டிஷ்.

உங்கள் போட்டோவில் இருப்பது ஓட்டை இல்லாத தகட்டு டிஷ். நன்றாகப் பார்த்தால் முழு வட்டம் இல்லை, அகலத்தைவிட உயரம் கொஞ்சம் அதிகம். அடிவிளிம்பிலிருந்து ஒரு கை முன்னால் நீண்டு, அதன் நுனியில் கைப்பிடிக்குள் அடங்கும் அளவில் ஒரு எல்என்பி. இந்த அமைப்பை ஆஃப்செட் டிஷ் என்பார்கள். சாட்டிலைட்டுகள் டிவி சிக்னல் அனுப்பும் அலைவரிசைத் தொகுதிகளில் கேயு பேண்ட், சி பேண்ட் என்று இரண்டு உண்டு. வீடுகளுக்கு வரும் கேயு பேண்ட் டிஷ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சி பேண்ட் டிஷ் என்றால் ஆறடி, எட்டடி என்று பெரிதாக, முழு வட்டமாக, மூன்று நான்கு கால்கள் நடுவில் கூடும் இடத்தில் பெரிய எல்என்பியோடு இருக்கும். எல்என்பியின் வாயைச் சுற்றி அடுக்கடுக்காக வளையம் வைத்த ஒரு தட்டும் இருக்கும். சி பேண்டுக்கு வலைக்கம்பி டிஷ்ஷும் உண்டு. அங்கே அலையின் நீளம் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர், அதற்கு வலையின் சின்ன ஓட்டைகள் இருப்பதே தெரியாது, தகட்டில் பட்டதுபோலத் திரும்பிவிடும். கேயு பேண்டில் அலை இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆகவே வீட்டு டிஷ்ஷைத் தகடாகவே செய்கிறார்கள்.

டிஷ் எத்தனை பெரிது என்பதைப் போட்டோவிலிருந்து எப்படிச் சொல்வது? மாடியில் தனியாக நிற்கும் டிஷ் 60 சென்டிமீட்டரா 90-ஆ என்று கண்ணால் சொல்வது கஷ்டம், பக்கத்தில் ஒப்பிட எதுவும் இருக்காது. நான் எல்என்பியின் கழுத்தைப் பார்ப்பேன். கேயு பேண்ட் எல்என்பியைப் பிடித்திருக்கும் வளையம் 40 மில்லிமீட்டர் கழுத்துக்கு ஏற்றபடிதான் பொதுவாகச் செய்யப்படுகிறது. உங்கள் பக்கவாட்டுப் போட்டோவில் அந்தக் கழுத்தின் அகலத்தைத் திரையில் ஸ்கேலால் அளந்தேன், 4 மில்லிமீட்டர். டிஷ்ஷின் நீளம் 62 மில்லிமீட்டர். பதினைந்தரை மடங்கு. 40 மில்லிமீட்டரைப் பதினைந்தரையால் பெருக்கினால் 62 சென்டிமீட்டர், அதாவது 60 சென்டிமீட்டர் வகை டிஷ். நேர் முன்னாலிருந்து எடுத்த போட்டோவில் இந்தக் கணக்கு சரிவராது. எல்என்பி கேமராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும், டிஷ் உண்மையைவிடச் சின்னதாக வந்துவிடும்.

எல்என்பியின் ஸ்டிக்கர் வெயிலில் வெளிறியிருக்கிறது. இருந்தாலும் "L.O. 9.75/10.6 GHz" என்ற வரி படிக்கும்படி இருக்கிறது. இது யுனிவர்சல் வகை கேயு பேண்ட் எல்என்பி. இந்த வரியை நீங்கள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சாட்டிலைட் பாக்ஸ் மெனுவில் எல்என்பி வகை என்று கேட்கும்போது இந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். வானத்திலிருந்து வரும் 11090 மெகாஹெர்ட்ஸை அப்படியே வயரில் அனுப்பினால் கீழே வருவதற்குள் தேய்ந்துவிடும். அதனால் எல்என்பி அதிலிருந்து 9750-ஐக் கழித்து, 1340 ஆக்கி அனுப்புகிறது. 1340 நான் மேலே சொன்ன 950-2150 எல்லைக்குள் விழுகிறது. பாக்ஸும் அதே கழித்தலைச் செய்து 1340-ல் தேடும். சி பேண்ட் எல்என்பியில் இந்த எண் பெரும்பாலும் 5150, அங்கே 5150-லிருந்து வரும் அலைவரிசையைக் கழிக்க வேண்டும். டிஷ் நன்றாக இருந்தும் மெனுவில் 9750 இருக்க வேண்டிய இடத்தில் 5150 கிடந்தால் பாக்ஸ் தவறான இடத்தில் தேடிக்கொண்டே இருக்கும், ஒரு சேனலும் வராது.

டிஷ் பார்க்கும் திசையைப் போட்டோவில் இருந்து சொல்லும் விஷயத்தில் நான் ஒருமுறை தவறிவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய போட்டோவில் டிஷ் ஏறக்குறைய செங்குத்தாக நின்றது. எதிரே ஒரு சுவர். டிஷ் சுவரைப் பார்க்கிறது, கம்பத்தில் தளர்ந்து கீழே சாய்ந்துவிட்டது என்று சொல்லி மேலே தூக்கச் சொன்னேன். அவர் தூக்கினார், வந்துகொண்டிருந்த கொஞ்ச சிக்னலும் போய்விட்டது. ஆஃப்செட் டிஷ் தான் நிமிர்ந்து நிற்கும் கோணத்தைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே பார்க்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. செங்குத்தாக நின்றாலும் அது சுவருக்கு மேலே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையான கோளாறு கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர். அதன்பிறகு போட்டோவை மட்டும் வைத்து யாரையும் டிஷ்ஷை அசைக்கச் சொல்வதில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன், இப்போதைக்கு டிஷ்ஷைத் தொடாதீர்கள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மூன்று டிகிரிக்கு உள்ளேதான். முன்பு இருந்தவர் அதை ஒரு சாட்டிலைட்டுக்குச் சரியாகத் திருப்பி வைத்திருந்தால், அந்த வேலையை நீங்கள் மறுபடி செய்யத் தேவையில்லை.

அந்தச் சாட்டிலைட் எது என்பதற்கு உங்கள் அகலமான மாடிப் போட்டோ ஒரு துப்பு தருகிறது. பக்கத்து மாடியில் இரண்டு டிஷ்கள் தெரிகின்றன. ஒன்று உங்களுடையதைப் போலவே திரும்பியிருக்கிறது, மற்றது கொஞ்சம் விலகியிருக்கிறது. உங்களுடையதைப் போலத் திரும்பியிருப்பவர் எந்த கனெக்‌ஷன் வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உங்களுடையதும் அதே சாட்டிலைட்டாக இருக்கும். இது துப்புதான், உறுதி இல்லை. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் போட்டோவில் தெரியாது, அந்த இடைவெளியில் வேறொரு சாட்டிலைட் இருக்கலாம்.

இப்போது ஜோடி சேர்ப்போம். உங்கள் டிஷ்ஷுக்கு வேண்டியது பின்னால் "LNB IN" என்று எழுதிய சாட்டிலைட் பாக்ஸ். அதில் இரண்டு வழி இருக்கிறது. கட்டண டிடிஎச் என்றால் அந்த நிறுவனமே தரும் பாக்ஸ்தான் வேண்டும், ஏனென்றால் சேனல்கள் பூட்டப்பட்டு வருகின்றன, சாவி அந்த பாக்ஸுக்குள்ளோ அதன் ஸ்மார்ட் கார்டிலோ இருக்கிறது. கார்டை எடுத்து வேறு பாக்ஸில் போட்டால் பெரும்பாலும் திறக்காது, கார்டும் பாக்ஸும் ஒன்றுக்கொன்று பிணைக்கப்பட்டிருக்கும். கட்டணம் இல்லாமல் திறந்து வரும் சேனல்கள் மட்டும் போதும் என்றால் பொதுவான ஃப்ரீ டு ஏர் பாக்ஸ் வாங்கலாம். அதை வாங்கும்போது "DVB-S2" என்றும் "MPEG-4" என்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய "DVB-S", "MPEG-2" மட்டும் உள்ள பாக்ஸை மாட்டினால் சில சேனல்கள் பட்டியலிலேயே வராது. சில சேனல்கள் பெயர் மட்டும் வந்து திரை கறுப்பாக இருக்கும். சிக்னல் பட்டை நிறைய இருந்தும் படம் இல்லை என்று டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் குறை பாக்ஸ் படிக்கும் முறையில் இருக்கிறது.

பரணில் கிடைத்த கேபிள் பாக்ஸை வீசிவிட வேண்டாம். வீட்டுக்குள் தெருக் கம்பத்திலிருந்து வரும் தனி கோ-ஆக்ஸ் வயர் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். டிஷ் வயர் மாடியிலிருந்து இறங்கும், கேபிள் வயர் வெளியிலிருந்து வந்து ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் வழியாக உள்ளே வரும். அந்த வயர் இருந்து, பாக்ஸும் அந்தப் பகுதி ஆபரேட்டரின் நெட்வொர்க்கைச் சேர்ந்ததாக இருந்தால் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். வேறு ஆபரேட்டரின் பாக்ஸ் என்றால் அதுவும் பூட்டுப் பிரச்சினைதான், சிக்னல் வந்தும் சேனல் திறக்காது.

புது பாக்ஸ் வாங்குவதற்கு முன் மாடியில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கடைசிப் போட்டோவில் எல்என்பிக்குக் கீழே கனெக்டர் திருகிய இடத்தில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. அது செம்பு அரித்த களிம்பு. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கனெக்டரைக் கழற்றி நடுக்கம்பியைப் பாருங்கள். கம்பி கறுத்திருந்தால் அல்லது வெளி வலைக்கம்பி தூளாக உதிர்ந்தால், நல்ல வயர் தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது எஃப் கனெக்டர் போடுங்கள். எல்என்பியின் முன்மூடி வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்திருந்தால் எல்என்பியையே மாற்றிவிடுவது நல்லது, உள்ளே போன ஈரம் வெயிலில் காய்ந்தாலும் அரிப்பு நிற்காது. பழையதைக் கழற்றுவதற்கு முன், அது வளையத்துக்குள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியதையும் அதே சாய்வில் வைத்தால்தான் V, H அலைகள் சரியாகப் பிரியும்.

சாட்டிலைட் பாக்ஸை மாட்டியதும் மெனுவில் இரண்டு பட்டைகள் வரும், ஸ்ட்ரெங்த் என்றும் குவாலிட்டி என்றும். ஸ்ட்ரெங்த் உயர்ந்திருந்தால் எல்என்பி மின்சாரம் பெற்று உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், வானத்தில் எதையும் பிடிக்காவிட்டாலும் அதன் இரைச்சலே அந்தப் பட்டையை உயர்த்திவிடும். குவாலிட்டி ஏறினால்தான் நீங்கள் கொடுத்த ஃப்ரீக்வென்சியில் சரியான சாட்டிலைட் கிடைத்திருக்கிறது. ஸ்ட்ரெங்த் மிகக் குறைவாக இருந்து, எல்என்பியில் வயரைக் கழற்றினாலும் மாட்டினாலும் அசையாமல் நின்றால் கோளாறு வயரிலோ கனெக்டரிலோ எல்என்பியிலோ இருக்கிறது. ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்து குவாலிட்டி பூஜ்யம் என்றால் முதலில் மெனுவில் எல்என்பி எண் 9750/10600 என்று இருக்கிறதா, கொடுத்த ஃப்ரீக்வென்சி அந்தச் சாட்டிலைட்டுடையதுதானா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் பூஜ்யமாகவே இருந்தால்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டும். அப்போது அந்தப் பட்டைகள் தெரியும் திரையையும், டிஷ்ஷை நேர் பக்கவாட்டிலிருந்தும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.